வர முடியாதென்றால், வேறு யார்? வேறு எப்போது?

பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், பொம்மிடி பக்கம் கூட்டம் நடத்துகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பேச வர முடியாது என்று சொன்னவர்மேல் அவர்களுக்குப் பெரிய வருத்தம் இருக்காது. ‘பார்க்கலாங்க’ என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தவரைத்தான் வருடக்கணக்கில் மறக்காமல் வைத்திருப்பார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் பேச அழைப்பது பெரும்பாலும் போனில்தான் தொடங்கும். ‘சார், அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை நம்ம கூட்டம். நீங்கதான் பேசணும்’ என்பார் செயலாளர். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல நமக்கு நாக்கு எழாது. ‘பார்க்கலாங்க’, ‘முயற்சி பண்றேன்’, ‘கிட்டத்துல சொல்றேன்’ என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி வைப்போம். நம் மனதில் அது மறுப்பு. அவர் காதில் அது சம்மதம். பெரியவர்கள் உடனே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கொஞ்சம் பிகு பண்ணுவார்கள், கடைசியில் வந்துவிடுவார்கள் என்று அவர் பல கூட்டம் நடத்திப் பார்த்துப் பழகியவர். அன்று சாயங்காலமே பெயர் அழைப்பிதழில் ஏறிவிடும். மறுநாள் பிளக்ஸ் போடுகிறவர் உங்கள் போட்டோ கேட்டு வாட்ஸ்அப்பில் வருவார். சில இடங்களில் போட்டோவையும் கேட்க மாட்டார்கள். பத்து வருடம் முன்பு யாருடைய கல்யாணத்திலோ எடுத்ததை எங்கிருந்தாவது வெட்டி ஒட்டிவிடுவார்கள்.

ஆகவே மறுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் நாள். கூட்டம் நடக்கும் நாளைவிட இந்த நாள் முக்கியம். அதற்கு முன்னால் வரும் மறுப்பு ஒரு செய்தி, அவ்வளவுதான். ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டுக்கொள்வார்கள். அதற்குப் பின்னால் வரும் மறுப்பு செலவு. அழைப்பிதழ் வீணாகும், பிளக்ஸ் வீணாகும், உங்களுக்காகவே வருவதாகச் சொன்ன நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். போனில் முதல் பேச்சிலேயே ‘அழைப்பிதழ் எப்போ அடிக்கிறீங்க?’ என்று கேட்டுவிடுங்கள். வர முடியுமா என்று உங்களுக்கே உடனே தெரியாவிட்டாலும், எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம். ஆட்கள் என் கற்பனை. கூட்டத்தின் பொருள் கற்பனை அல்ல.

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் மரவள்ளி போடும் விவசாயிகள் குழு ஒன்று. அறுவடை முடிந்து, அடுத்த நடவுக்குக் குச்சி வெட்டப் போகும் சமயம். போன கோடையில் மாவுப்பூச்சியால் பலருக்கு விளைச்சல் கெட்டிருக்கிறது. செடியின் நுனி சுருண்டு, இலை கொத்தாகி, வெள்ளையாக மாவு அப்பியது போல் நின்றது. இந்த மாவுப்பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இந்தியாவில் முதலில் 2020ல் கேரளாவில் கண்டறியப்பட்டு, பிறகு தமிழ்நாட்டு மரவள்ளிக்குப் பரவியது. அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று குழுவின் செயலாளர் ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவரை அழைக்கிறார். பேசச் சரியான ஆள்தான். ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சேலத்தில் தங்கை வீட்டுக் காதுகுத்து. தாய்மாமன் அவர். மடியில் உட்கார்த்தி வைக்க அவர் இல்லாமல் அங்கே காரியம் நடக்காது.

அவர் முதலில் செய்ய வேண்டியது முடியாது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது. ‘தம்பி, அந்த ஞாயித்துக்கிழமை என்னால வர முடியாது. தங்கச்சி வீட்டுல காதுகுத்து, நான்தான் தாய்மாமன்’ என்றால் செயலாளருக்கு விளங்கிவிடும். காரணம் ஒன்று போதும். இரண்டாவது காரணம் சேர்த்தால் முதலாவதன்மேல் சந்தேகம் வரும். மூன்றாவதும் சேர்ந்துவிட்டால் இவர் வர மனமில்லாமல் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இல்லாத காரணத்தைச் சொல்வதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஊர் சிறியது. காய்ச்சல் என்று சொன்னவரை அதே ஞாயிற்றுக்கிழமை பொம்மிடி ரயில் நிலையத்தில் யாராவது பார்த்துவிடுவார்கள்.

முடியாது என்று சொல்லியாகிவிட்டது. அடுத்து, வேறு நாள் கேட்பதா, வேறு ஆள் சொல்வதா? பலர் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். ‘அடுத்த மாசம்னா நானே வரேன், இல்லாட்டி வேற யாரையாவது பார்க்கலாம்.’ கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது. ஆனால் செயலாளர் முன்பு நின்ற இடத்திலேயேதான் நிற்கிறார். இரண்டில் ஒன்றை நீங்களே யோசித்துக் கொடுத்தால்தான் அவர் வேலை நகரும்.

எதைக் கொடுப்பது என்பதை உங்கள் வசதி தீர்மானிக்கக் கூடாது, கூட்டத்தின் பொருள் தீர்மானிக்க வேண்டும். நம் மரவள்ளிக் கூட்டத்தையே பாருங்கள். பூச்சி தாக்கிய செடியிலிருந்து நடவுக் குச்சி எடுக்கக் கூடாது, எடுத்த குச்சியை நேர்த்தி செய்த பிறகே நட வேண்டும் என்பவை அங்கே சொல்ல வேண்டிய முக்கியமான சங்கதிகள். இதைக் குச்சி வெட்டும் முன்பு சொன்னால்தான் பயன். ‘ஒரு மாசம் தள்ளி வைங்க, நான் வந்து பேசறேன்’ என்று அந்த அலுவலர் சொல்லி, குழுவும் மரியாதைக்காகத் தள்ளி வைத்தால், அதற்குள் நட்டு முடித்திருப்பார்கள். பேச்சு நன்றாக இருக்கும், கைதட்டலும் கிடைக்கும், வயலில் எதுவும் மாறாது. ஆகவே இங்கே தேதி நகரக் கூடாது. ஆள்தான் மாற வேண்டும்.

வேறு ஆள் சொல்வதில்தான் அதிகமாகத் தவறு நடக்கிறது. ‘ஏத்தாப்பூர்ல ஒருத்தர் இருக்கார், நம்பர் தரேன், பேசுங்க’ என்பது பரிந்துரை ஆகாது. அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. அறிமுகமில்லாத எண்ணிலிருந்து போன் வருகிறது. ‘அவர் சொன்னார், நீங்க வந்துடுவீங்கன்னு’ என்று எதிர்முனையில் சொல்கிறார்கள். அவர் மறுத்தால் செயலாளருக்கு இரண்டாவது ஏமாற்றம், அவருக்கும் சங்கடம். இரண்டுக்கும் காரணம் நீங்கள். ஆகவே முதலில் நீங்களே அவரிடம் பேச வேண்டும். எந்த நாள், எந்த ஊர், என்ன பொருள், எதிரே யார் உட்கார்ந்திருப்பார்கள், எவ்வளவு நேரம் என்று சொல்லிவிட்டு, ‘உங்க நம்பரைக் கொடுக்கலாமா?’ என்று கேட்க வேண்டும். அவர் சரி என்ற பிறகுதான் பெயர் செயலாளரிடம் போக வேண்டும்.

நம் அலுவலர் யாரைச் சொல்லலாம்? சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த மாவுப்பூச்சிக்கு எதிரான ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம். 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில்தான் அதை முதலில் விட்டார்கள். கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம் என்ற அளவில் உள்ள அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்றுவிடும். கண்டபடி மருந்து தெளித்தால் குளவியும் சேர்ந்து சாகும். இதை நேரில் பார்த்தவர்கள் சொல்வதும் படித்தவர் சொல்வதும் விவசாயிக்கு ஒன்றல்ல. தர்மபுரி மாவட்டத்துக்குள்ளேயே வேண்டுமென்றால் பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் உண்டு.

இவை அரசு நிறுவனங்கள். அங்கே பணியில் இருக்கும் விஞ்ஞானியைத் தனியாகப் போனில் பிடித்து ‘வந்துடுங்க’ என்பது சரியல்ல. அவர் மேலிடத்தில் கேட்டுத்தான் வர முடியும். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் யோசிப்பார். நிலையத்தின் தலைவருக்குக் குழுவின் பெயரில் ஒரு கடிதம் போக வேண்டும். நம் அலுவலருக்கு அங்கே பழக்கம் இருக்கும். அவர் செய்யக்கூடிய உதவி, போனில் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி, கடிதத்தை யார் பெயருக்கு எழுத வேண்டும் என்று கேட்டு வைப்பது. கடிதத்தைக் குழுதான் எழுத வேண்டும். இந்த வேலை நாள் பிடிக்கும் என்பதால்தான் உடனே மறுத்திருக்க வேண்டும் என்கிறேன். புதன்கிழமை இரவு மறுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆராய்ச்சி நிலையத்தைப் பரிந்துரை செய்வதில் அர்த்தமில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாப்பிரெட்டிப்பட்டி தர்மபுரிக்குத் தென்கிழக்கே, அரூர் பக்கம். பாப்பாரப்பட்டி அதற்கு நேர் எதிரே, பென்னாகரம் பக்கம். சுப்பிரமணிய சிவா வாழ்ந்து 1925ல் மறைந்தது அந்த ஊரில். வெளியூர்க்காரர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது புதிதல்ல. பேச வருகிறவருக்கு ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாமல் ‘அரூர் வழி’ என்றோ ‘மஞ்சவாடிக் கணவாய் தாண்டி’ என்றோ சேர்த்துச் சொல்லுங்கள்.

மாற்று ஆள் கிடைத்த பிறகும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கும். முதலில் தலைப்பு. நம் அலுவலர் சாகுபடி முழுவதையும் பேசக்கூடியவர். ஏத்தாப்பூரிலிருந்து வருகிறவர் பூச்சியியல்காரராக இருந்தால் பூச்சியைத்தான் பேசுவார், உரக் கணக்கைப் பேச மாட்டார். ஆகவே அழைப்பிதழில் ‘மரவள்ளி சாகுபடி’ என்று இருப்பதை ‘மரவள்ளியில் மாவுப்பூச்சி’ என்று மாற்றச் சொல்ல வேண்டும். பெயரை மட்டும் மாற்றிவிட்டுத் தலைப்பை அப்படியே விட்டால், ‘இதுக்கு என்ன உரம் போடறது சார்?’ என்ற கேள்விக்கு அந்த மனிதர் மேடையில் திணறுவார்.

அடுத்தது பணம். போக்குவரத்துச் செலவு பற்றிச் செயலாளர் வாய் திறக்க மாட்டார், கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று. வருகிறவரும் கேட்க மாட்டார். இதைச் சொல்ல நடுவில் இருக்கும் உங்களால்தான் முடியும். ‘சேலத்துல இருந்து வரார், கார் ஏற்பாடு பண்ணிடுங்க தம்பி’ என்று ஒரு வார்த்தை போதும். சால்வைச் செலவைக் குறைத்துக்கொண்டு பெட்ரோலுக்குக் கொடுத்தாலே பலருக்குச் சரியாகிவிடும் என்பது என் கருத்து.

கடைசியாக மரியாதை. ‘இன்னார் வர முடியாததால் இவர் வந்திருக்கிறார்’ என்று மைக்கில் அறிமுகம் செய்வது நம் ஊரில் சர்வ சாதாரணம். நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வர வண்டியில் வந்தவரைக் காலி நாற்காலிக்கு வந்தவராகக் காட்டுவது அது. அப்படிச் சொல்ல வேண்டாம் என்று செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு நம் அலுவலர் அனுப்ப வேண்டிய செய்தி சிறியதுதான். போனில் பேசியதை எழுத்தில் வைத்தால், குழுவின் மற்றவர்களிடம் செயலாளர் காட்ட வசதியாக இருக்கும்:

‘வணக்கம் தம்பி. போனில் சொன்னபடி, குடும்ப விசேஷத்தால் அந்த ஞாயிறு கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. அழைத்ததற்கு நன்றி. மாவுப்பூச்சி பற்றிப் பேச ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் பேசியிருக்கிறேன். நிலையத் தலைவர் பெயருக்கு நாளைக்குள் கடிதம் கொடுத்தால் ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார்கள். கடிதத்தில் ஊர், நேரம், எத்தனை விவசாயிகள் வருவார்கள் என்பதைக் குறிப்பிடுங்கள். அவர்களால் அனுப்ப முடியாவிட்டால் வியாழக்கிழமைக்குள் எனக்குத் தெரிந்துவிடும், உடனே சொல்கிறேன்.’

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். மாற்று ஆளும் கிடைக்காமல் போகலாம். அப்படிப் போனால், இன்னொருவரைத் தேடிப் பிடித்துவிட்டுத்தான் சொல்வேன் என்று உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நாலு நாள் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அந்த நாலு நாளும் செயலாளரின் கையிலிருந்து போய்விடும். ஏற்பாடு முறிந்த அன்றே சொன்னால் அவரும் சேர்ந்து தேடுவார்.

இனி வேறு நாள் கேட்பதைப் பார்ப்போம். கூட்டங்களில் இரண்டு வகை உண்டு. சுதந்திர தினம், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, நவம்பர் 14 முதல் 20 வரை வரும் நூலக வாரம் போன்றவை ஒரு நாளோடு கட்டுப்பட்டவை. அங்கே வேறு நாள் கேட்டால் மறுக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். வாசகர் வட்டம், குழுக் கூட்டம், பயிற்சி முகாம் போன்றவை நகரக்கூடியவை. அங்கே கேட்கலாம். அப்போதும் ‘அப்புறம் ஒரு நாள்’ என்பது நாள் ஆகாது. தேதி சொல்ல வேண்டும். அந்தத் தேதியை எத்தனை நாள் உங்கள் நாட்காட்டியில் அவர்களுக்காக வைத்திருப்பீர்கள் என்றும் சொல்ல வேண்டும்.

இப்படிக் கேட்டு வாங்கிய தேதிகளில் உலகம் அறிந்த ஒன்று உண்டு. 1863 ஜூலையில் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் ஊரில் மூன்று நாள் பெரும் போர் நடந்தது. இறந்த வீரர்களுக்கு அங்கே ஒரு கல்லறைத் தோட்டம் அமைத்தார்கள். அதை அர்ப்பணிக்கும் விழாவைக் கவனித்தவர் டேவிட் வில்ஸ் என்ற உள்ளூர் வழக்கறிஞர். அந்நாளின் புகழ்பெற்ற சொற்பொழிவாளரான எட்வர்ட் எவரெட்டுக்கு அவர் செப்டம்பர் 23 அன்று கடிதம் எழுதினார், அக்டோபர் 23 அன்று வந்து பேசும்படி. எவரெட் சில நாட்களிலேயே பதில் போட்டார். அவ்வளவு சீக்கிரம் உரையைத் தயார் செய்ய முடியாது, நவம்பர் 19 என்றால் முடியும் என்றார். குழு விழாவையே நவம்பர் 19க்கு மாற்றியது. ஜனாதிபதி லிங்கனுக்கு வில்ஸ் எழுதிய அழைப்பு அதற்குப் பிறகு, நவம்பர் 2 தேதியிட்டுப் போனது. எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். பின்னால் எழுந்த லிங்கன் பேசியது இரண்டு நிமிடம்தான். உலகம் நினைவு வைத்திருப்பது லிங்கன் பேச்சை.

எவரெட் கேட்டது ஏன் எடுபட்டது என்று பார்க்க வேண்டும். அந்த விழா எந்தக் குறிப்பிட்ட நாளோடும் கட்டுப்பட்டதல்ல. அவர் பதில் தாமதமின்றிப் போனது. ஒரே ஒரு தேதியைச் சொன்னார், காரணத்தையும் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேல், அவர்தான் அந்த விழாவின் முக்கியப் பேச்சாளர். அழைப்பிதழில் வாழ்த்துரை வரிசையில் ஏழாவது பெயராக இருக்கிறவர் தேதி மாற்றக் கேட்பது அழகல்ல. அவர் வர முடியாது என்று மட்டும் சொன்னால் போதும். வாழ்த்துரைக்கு மாற்று ஆள்கூடத் தேவையில்லை. உண்மையில் பலருக்கு அதில் நிம்மதிதான்.

வேறு ஆளும் வேறு நாளும் சொல்லக் கூடாத மறுப்பும் உண்டு. கூட்டத்தின் நோக்கத்திலேயே உங்களுக்கு உடன்பாடில்லை, அல்லது இதைப் பேசாதீர்கள் என்று நிபந்தனை போடுகிறார்கள் என்றால் அங்கே மாற்று யோசனை சொல்வது ஒப்புக்கொள்வது போலாகிவிடும். லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் 1936ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை ஏற்க அம்பேத்கரை அழைத்தது. அவர் முதலில் தயங்கினார், அவர்கள் வற்புறுத்தினார்கள். மாநாட்டுத் தேதியை மண்டலே தள்ளியும் வைத்தது. அவர் எழுதிய தலைமை உரையைப் பார்த்தபின் சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற இயலாது என்று ஏப்ரல் 27 அன்று பதில் எழுதினார். உரையை முழுவதாக ஏற்றுக்கொண்டாலும் இனித் தலைமை தாங்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். அந்த உரையைத் தாமே புத்தகமாக வெளியிட்டார். ‘சாதி ஒழிப்பு’ என்று தமிழில் நாம் படிக்கும் நூல் அதுதான். அந்த மாதிரி இடத்தில் ‘வேறு சந்தர்ப்பத்தில் பார்ப்போம்’ என்று எழுதினால் நிபந்தனையை நீக்கும் பேரத்துக்கு நீங்கள் தயார் என்றுதான் படிப்பார்கள்.

கூட்டம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அழைக்கும்போதே ‘புதன்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறோம், செவ்வாய் ராத்திரிக்குள்ள சொல்லிடுங்க, முடியலைன்னாலும் தப்பா எடுத்துக்க மாட்டோம்’ என்று சொல்லிவிடுங்கள். ‘பார்க்கலாங்க’ என்று பதில் வந்தால் பெயரை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை இன்னொரு முறை போன் போட்டு, வருகிறாரா இல்லையா என்று கேட்டுவிடுங்கள்.